ஸ்டார்ட்டர் போகலையா, ஸ்வீட் போகலையா: சர்வர் பேச்சில் வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் விதமும்

ஏ.சி. ஹால் உள்ள நடுத்தரக் குடும்ப ரெஸ்டாரன்ட்டை மனசில் வைத்து எழுதியது இது. சைவம், அசைவம் இரண்டும் இருக்கும். மெனு சூப்பில் தொடங்கி பிரியாணி, பரோட்டா வழியாகப் பாயசம், ஐஸ்கிரீம் வரை போகும். பிரியாணியை யாரும் எடுத்துச் சொல்லி விற்க வேண்டியதில்லை, அதைச் சாப்பிடத்தான் வருகிறார்கள். சூப், ஸ்டார்ட்டர், ஜூஸ், ஸ்வீட் அப்படியல்ல. சொன்னால் போகும், சொல்லாவிட்டால் போகாது. தப்பாகச் சொன்னால் அடுத்த தடவை அந்தக் குடும்பம் வேறு கடைக்குப் போய்விடும்.

எந்த அறிகுறிக்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு. ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு சர்வரும், சமையலறைக்கு ஆர்டர் எழுதும் தன் கே.ஓ.டி. தாளின் பின்பக்கம் இரண்டு எழுத்து போடட்டும். ஸ்வீட்டைப் பற்றி வாய் திறந்து சொன்னால் ‘சொ’, அந்த டேபிள் வாங்கினால் ‘வா’. ஸ்டார்ட்டருக்கும் ஜூஸுக்கும் இப்படியே. 20 டேபிளில் 5 ‘சொ’ மட்டும் இருந்தால், வாக்கியத்தைத் திருத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை. சர்வர் வாயே திறக்கவில்லை என்று அர்த்தம். 18 ‘சொ’ இருந்து 2 ‘வா’ என்றால் சொல்லும் விதத்திலோ நேரத்திலோ கோளாறு. கீழே உள்ளவை இந்த இரண்டாவது நிலைக்கானவை.

## அறிகுறி 1: ஸ்டார்ட்டர் என்றதும் “வேண்டாம், நேரா பிரியாணி சொல்லிடுங்க”

### கேள்வி கேட்ட நேரம் தப்பு

இதற்குச் செலவே இல்லை, முதலில் இதைப் பாருங்கள். ஆட்கள் உட்கார்ந்து, பையை வைத்து, குழந்தையை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்று முடிவு செய்வதற்குள் “ஸ்டார்ட்டர் ஏதாவது சார்?” என்று கேட்டால் பதில் “இருங்க, சொல்றோம்” என்றுதான் வரும். அடுத்த முறை போகும்போது அவர்கள் நேராக மெயினுக்குத் தாண்டியிருப்பார்கள்.

சரியான வரிசை இது. முதலில் தண்ணீர், பிறகு மெனு கார்டு, பிறகு இரண்டு மூன்று நிமிடம் விலகி நிற்க வேண்டும். கார்டிலிருந்து யாராவது ஒருவர் தலை தூக்கினால் அதுதான் நேரம். ஓரமாக நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது, அதுவே ஒரு அவசரத்தை உண்டாக்கிவிடும்.

### கேள்வியில் பண்டத்தின் பெயர் இல்லை

“ஸ்டார்ட்டர் ஏதாவது வேணுமா?” என்பதற்கு “வேண்டாம்” என்பதுதான் சுலபமான பதில். யோசிக்க எதுவும் இல்லாததால் மறுத்துவிடுகிறார்கள். ஒரே ஒரு பண்டத்தின் பெயர், அது எவ்வளவு இருக்கும், எத்தனை நிமிடத்தில் வரும் என்ற மூன்றும் ஒரு வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

“பிரியாணி தம் போட்டு வர பதினஞ்சு நிமிஷம் ஆகும் சார். அதுக்குள்ள கோபி 65 ஒண்ணு சூடா வந்துடும், நாலு பேருக்கு ஆளுக்கு ரெண்டு பீஸ் வரும். கொண்டு வரட்டுமா, இல்ல நேரா சாப்பாடே சொல்லிடலாமா?”

கடைசியில் உள்ள “இல்ல நேரா சாப்பாடே சொல்லிடலாமா” என்ற பாதி முக்கியம். மறுப்பதற்கான வார்த்தையை நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள். கூச்சப்பட்டு வாங்கிவிட்டு வீட்டுக்குப் போய் வருத்தப்படும் நிலை இதனால் வராது. சில இடங்களில் “வெஜ் ஸ்டார்ட்டரா, நான்வெஜ் ஸ்டார்ட்டரா சார்?” என்று, வாங்குவது உறுதி ஆகிவிட்டது போலக் கேட்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எண்ணிக்கை ஏறலாம். ஆனால் அது பொறி, முதல் தடவை வருகிறவருக்கே அது புரிந்துவிடும். அதைக் கற்றுக்கொடுக்க வேண்டாம்.

நிமிடத்தை அடித்துவிடவும் கூடாது. சமையலறையில் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்ட நேரத்தைத்தான் சொல்ல வேண்டும். பிரியாணி தயாராக இருக்கும்போது பதினைந்து நிமிடம் ஆகும் என்று சொல்லி ஸ்டார்ட்டர் விற்றால், பக்கத்து டேபிளுக்கு மூன்று நிமிடத்தில் பிரியாணி வருவதை இவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

### அளவு பெரிதாகத் தெரிகிறது

இரண்டு பேர் வந்த டேபிளில் முழு பிளேட் ஸ்டார்ட்டர் வயிற்றை அடைத்துவிடும் என்று அவர்களுக்கே தெரியும். இங்கே அரை பிளேட்டும் ‘ஒன் பை டூ’வும்தான் மருந்து. சூப்பை ஒன் பை டூ ஆக்கித் தருவது நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் புதிதாக வருபவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள். சர்வரே சொல்லிவிட வேண்டும்.

“மிளகு ரசம் மாதிரி காரமா ஒரு மட்டன் எலும்பு சூப் இருக்கு மேடம். ஒண்ணு சொன்னா போதும், ரெண்டு கிண்ணத்துல ஒன் பை டூ போட்டுக் கொண்டு வந்துடுறேன்.”

### சைவமா அசைவமா என்று பார்க்காமல் சொன்னது

புரட்டாசி மாதம், அமாவாசை, கிருத்திகை, சபரிமலைக்கு மாலை போட்டிருப்பவர் ஆகிய நான்கில் எது இருந்தாலும் அசைவ ஸ்டார்ட்டரை முதலில் சொன்ன சர்வரிடம் அந்த டேபிள் அதற்குப் பிறகு எதையும் காது கொடுத்துக் கேட்காது. “இன்னிக்கு வெஜ் பாக்கலாமா, நான்வெஜ் பாக்கலாமா சார்?” என்ற ஒரு கேள்வி முன்னால் வந்துவிட வேண்டும். கறுப்பு வேட்டியும் மாலையும் கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம், நேராகச் சைவத்தைச் சொல்லலாம்.

### செலவு பிடிக்கும் காரணம்: ஸ்டார்ட்டரே தாமதம்

மேலே உள்ளதெல்லாம் சரியாக இருந்தும் போகவில்லை என்றால், வழக்கமாக வருகிறவர்களுக்கு உங்கள் ஸ்டார்ட்டர் பிரியாணியோடு சேர்ந்துதான் வரும் என்று தெரிந்துவிட்டிருக்கிறது. கே.ஓ.டி. போன நேரத்தையும் பண்டம் டேபிளுக்கு வந்த நேரத்தையும் ஒரு சனி, ஞாயிறு இரவு எழுதிப் பாருங்கள். பொரித்து எடுக்கும் ஸ்டார்ட்டர் 12 நிமிடத்தைத் தாண்டினால் கோளாறு ஹாலில் இல்லை. சர்வரைத் திட்டாமல் தலைமை சமையல்காரரோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஒரே எண்ணெய்ச் சட்டியில் 65-உம் மீன் வறுவலும் வரிசையில் நிற்கின்றன என்றால் இன்னொரு பொரிப்பான் வாங்கினால்தான் தீரும். அதுவரைக்கும் அந்த இரண்டு இரவுகளில் சூப்பை மட்டும் சொல்லுங்கள்.

## அறிகுறி 2: “குடிக்க?” என்றால் “தண்ணி போதும்”

இதில் பெரும்பாலும் தண்ணீர் பற்றிய முதல் கேள்விதான் கெடுக்கிறது. “மினரல் வாட்டர் தானே சார்?” என்று கேட்டுக்கொண்டே பாட்டில் மூடியைத் திருகும் பழக்கம் சில ஹால்களில் இருக்கிறது. காசு கேட்கிறார்கள் என்ற எண்ணம் அப்போதே விழுந்துவிடும். அதற்குப் பிறகு சொல்லும் ஜூஸ், சோடா எல்லாம் அதே கணக்கில்தான் சேரும்.

சாதாத் தண்ணீரை முதலில் சொல்ல வேண்டும். “சாதாத் தண்ணி வைக்கட்டுமா, பாட்டில் வேணுமா சார்?” பாட்டில் விற்பனை கொஞ்சம் குறையும், ஆனால் பாட்டிலில் போவதை விட ஜூஸில் வருவது அதிகம்.

அடுத்தது, எந்தக் குடிபானம், எதற்காக என்று சொல்லாதது. “ஜூஸ், மில்க்‌ஷேக், மாக்டெயில் எல்லாம் இருக்கு சார்” என்பது மெனு கார்டை வாயால் படிப்பது. சாப்பாட்டோடு சேர்த்துச் சொன்னால் காரணம் தானாக வந்துவிடும். பிரியாணியும் மட்டன் சுக்காவும் சொன்ன டேபிளில்:

“காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும் சார், கூட ஒரு லைம் சோடா இருந்தா நல்லா இருக்கும். சால்ட், ஸ்வீட், மிக்ஸ் எப்படி வேணும்னாலும் போடலாம். இல்லைன்னா தண்ணி இருக்கு, பரவாயில்ல.”

சால்ட் என்ற தெரிவைச் சொல்வதில் ஒரு நன்மை உண்டு. சர்க்கரை வியாதி இருப்பவரிடம் “உங்களுக்கு சுகர் இருக்கா?” என்று எந்தச் சர்வரும் கேட்கக் கூடாது. உப்புப் போட்டும் உண்டு என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், வேண்டியவர் எடுத்துக்கொள்வார்.

குழந்தைகள் இருக்கும் டேபிளில் மில்க்‌ஷேக்கைக் குழந்தையிடம் சொல்லக் கூடாது. “பாப்பாவுக்கு சாக்லேட் ஷேக் வேணுமா?” என்று குழந்தையைப் பார்த்துக் கேட்டால் அது நிச்சயம் வேண்டும் என்று சொல்லும், அம்மா மறுப்பாள், குழந்தை அழும். அன்றைய சாப்பாடே கெட்டுப்போகும். அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்: “குழந்தைக்கு ஐஸ் போடாம மாதுளை ஜூஸ் ஒண்ணு சின்ன டம்ளர்ல தரலாம் மேடம்.” சளி பிடிக்குமே என்ற கவலைக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

குடிபானம் சாப்பாட்டுக்கு முன்னால் வரவில்லை என்றால் அடுத்த தடவை சொல்லவே மாட்டார்கள். ஜூஸ் கவுன்ட்டருக்குத் தனிச் சீட்டு போகிறதா, சமையலறைச் சீட்டிலேயே எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பில்லிங் மென்பொருளில் ஜூஸ் கவுன்ட்டருக்குத் தனி பிரின்ட்டர் அமைப்பு இல்லாவிட்டால், மென்பொருள் போட்டுக்கொடுத்தவரைக் கூப்பிட வேண்டும். இதை ஹாலில் இருந்துகொண்டு தீர்க்க முடியாது.

## அறிகுறி 3: சாப்பிட்டு முடித்ததும் பில்தான் கேட்கிறார்கள், ஸ்வீட் போகவே இல்லை

எல்லா ஹால்களிலும் அதிகம் வரும் கோளாறு இது. காரணமும் கையிலேயே இருக்கிறது. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். கை கழுவியாகிவிட்டால் சாப்பாடு முடிந்தது. ஃபிங்கர் பௌல் டேபிளுக்கு வந்த பிறகோ, அவர் எழுந்து வாஷ் பேசினுக்குப் போய் வந்த பிறகோ “ஸ்வீட் ஏதாவது சார்?” என்று கேட்டால், மூடிய கடையைத் திறக்கச் சொல்வது போலத்தான். திரும்பி வரும்போதே அவர் கண் பில்லைத் தேடும்.

### முதல் சோதனை: ஃபிங்கர் பௌலா, ஸ்வீட்டா, எது முதலில்?

ஒரு ஓரத்தில் நின்று ஐந்து டேபிளைக் கவனியுங்கள். ஃபிங்கர் பௌல் வந்த பிறகு ஸ்வீட் பேச்சு வந்தால் வரிசையை மாற்றுங்கள், வேறு எதையும் தொட வேண்டாம். தட்டில் கால்வாசி மிச்சம் இருக்கும்போது, கை இன்னும் தட்டில் இருக்கும்போது, ரைத்தா வேண்டுமா என்று கேட்கப் போகிற அதே நடையில் சொல்ல வேண்டும்.

“மெதுவா சாப்பிடுங்க சார். இன்னிக்கு இளநீர் பாயசம் இருக்கு, சின்னக் கப்தான், ஜில்லுன்னு இருக்கும். முடிச்சதும் எடுத்துட்டு வரட்டுமா, இல்ல போதுமா?”

இதைச் சொல்லும்போது மெனு கார்டை நீட்டக் கூடாது. வலது கை முழுக்க மசாலா. கார்டை வாங்க இடது கையைத் தேடுவார், கூச்சமாக இருக்கும், “வேண்டாம்” என்று சொல்லிவிடுவார். ஸ்வீட்டை வாயால்தான் சொல்ல வேண்டும். அதுவும் இரண்டுக்கு மேல் வேண்டாம். படம் போட்ட சின்ன அட்டையை டேபிளில் முக்கோணமாக நிறுத்தி வைத்திருந்தால் விரலால் காட்டலாம்.

### “பில் போட்டுடலாமா சார்?”

ஹால் நிரம்பி வழியும் நேரத்தில் இந்த வாக்கியம் தானாக வாயில் வரும். சர்வரின் மீது தப்பில்லை, வாசலில் ஆள் நிற்கிறது. ஆனால் அதைக் கேட்டவர் எழுந்து போகச் சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். ஸ்வீட் போகாது, டிப்ஸும் வராது. பில் வேண்டும் என்று அவர்கள் சொல்லும்வரை பில் என்ற சொல்லே சர்வர் வாயில் வரக் கூடாது என்று சர்வர்களை மேற்பார்க்கும் கேப்டன் ஒரே விதியாக வைத்துவிடலாம்.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வாசலில் இருபது பேர் காத்திருக்கும் ஞாயிறு மதியம் ஸ்வீட் சொல்லித் தள்ள வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பாயசத்துக்காக டேபிள் இன்னும் பதினைந்து நிமிடம் பிடித்துக்கிடந்தால், வெளியில் நிற்கும் குடும்பம் திரும்பிப் போய்விடும். அந்த நேரத்தில் பார்சலாகச் சொல்லலாம்: “பாயசம் சின்ன டப்பாவுல போட்டுத் தரலாம் மேடம், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.”

### “வயிறு நிறைஞ்சிருச்சு”

இது உண்மையான பதில். இதற்கு மேல் ஒரே ஒரு வாக்கியம் சொல்லலாம், அதுவும் அளவைக் குறைத்துத்தான்: “ஒரே கப் சொல்லி ரெண்டு ஸ்பூன் வச்சுத் தரட்டுமா?” அதற்கும் வேண்டாம் என்றால் “சரிங்க சார்” என்று சிரித்துவிட்டு நகர வேண்டும். குலாப் ஜாமூன், ஃபலூடா, ஜிகர்தண்டா என்று பட்டியலைத் தொடரக் கூடாது.

### செலவு பிடிக்கும் காரணம்

சொன்ன நேரமும் விதமும் சரி, ஆனாலும் யாரும் வாங்கவில்லை, வாங்கியவர்கள் பாதியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். கப்பைத் திரும்ப எடுக்கும்போது பாருங்கள். பாதிக்கு மேல் மிச்சம் என்றால் பண்டமோ அளவோ சரியில்லை. காலையில் செய்த பாயசம் இரவில் கெட்டியாகிவிடுகிறதா, ஃபலூடா இரண்டு பேர் சாப்பிடும் அளவுக்குப் பெரிதா என்று கவனியுங்கள். மெனுவையும் விலையையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் ஒரு கப்பின் அடக்க விலையைக் கணக்குப் போடச் சொல்ல வேண்டிய இடம் இது. பெரிய கிளாஸைச் சின்னக் கப்பாக மாற்றி விலையையும் இறக்கினால் நின்றுபோன ஸ்வீட் நகர்வது உண்டு.

## ஒரு டேபிள், ஆரம்பத்திலிருந்து

சனிக்கிழமை இரவு. அப்பா, அம்மா, எட்டொன்பது வயசுப் பெண், அப்பாவின் அம்மா. விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை.

தண்ணீர் ஊற்றும்போது “சாதாத் தண்ணியா, பாட்டிலா?” சாதா. மூன்று நிமிடம் கழித்து அப்பா தலை தூக்குகிறார். வெஜ்ஜா நான்வெஜ்ஜா என்று கேட்டதில், மூவருக்கும் அசைவம், பாட்டிக்கு மட்டும் சைவம். அவர்கள் இரண்டு சிக்கன் பிரியாணி 560 ரூபாய்க்கும், பாட்டிக்கு இடியாப்பமும் வெஜ் குருமாவும் 110 ரூபாய்க்கும் சொல்கிறார்கள். மொத்தம் 670.

சர்வர் பாட்டியைப் பாட்டி என்று கூப்பிடவில்லை. “அம்மா, உங்களுக்கு இடியாப்பம் வர பத்து நிமிஷம் ஆகும். தக்காளி சூப் ஒண்ணு காரமில்லாம கொண்டு வரட்டுமா? பாப்பாவுக்கும் சேர்த்து ஒன் பை டூ போட்டுடலாம்.” சரி என்கிறார்கள், 120 ரூபாய். பிறகு அப்பாவிடம் “சிக்கன் 65 அரை பிளேட் பாக்குறீங்களா சார், இல்ல பிரியாணியே போதுமா?” போதும் என்கிறார். ஸ்டார்ட்டர் பேச்சு அதோடு முடிந்தது. பிரியாணி வந்த பிறகு “65 கொஞ்சம் சொல்லிடலாமா” என்று சர்வர் திரும்ப வரவில்லை.

பிரியாணி வைக்கும்போது லைம் சோடா சொன்னதில் அம்மா ஒன்று கேட்கிறார், சால்ட், 70 ரூபாய். தட்டு கால்வாசி இருக்கும்போது இளநீர் பாயசம். அப்பா தயங்குகிறார். “ரெண்டு கப் சொல்லி ஸ்பூன் நாலு வைக்கிறேன் சார், போதலைன்னா அப்புறம் பாக்கலாம்.” இரண்டு கப் 220. ஃபிங்கர் பௌல் பாயசத்துக்குப் பிறகு.

670 ரூபாய் 1,080 ஆனது, 5 சதவீத ஜி.எஸ்.டி. 54 சேர்த்து பில் 1,134. சொன்னது நான்கு, வாங்கியது மூன்று. எதையும் இரண்டாம் தடவை சொல்லவில்லை. சூப் ஒன்று, பாயசம் இரண்டு என்று ஆளுக்கு ஒன்று கணக்கில் போகாமல் குறைத்துச் சொன்னதால்தான் அவை போயின.

## அறிகுறி 4: வாங்குகிறார்கள், ஆனால் முகம் சுளிக்கிறார்கள், “கட்டாயப்படுத்தி விக்கிறாங்க” என்று புகார் வருகிறது

விற்பனை கூடிய மாதத்தில் இந்தப் புகார் வந்தால் உடனே பாருங்கள். பழைய வாடிக்கையாளர்கள் சத்தமில்லாமல் நின்றுவிடுவார்கள்.

கேட்காமல் வைத்தது எதுவாவது உண்டா என்று முதலில் பில்லைப் பாருங்கள். திறந்த தண்ணீர் பாட்டில், மசாலா அப்பளம் இவைதான் வழக்கமான குற்றவாளிகள். காசு உள்ள எதுவும் கேட்காமல் டேபிளுக்குப் போகக் கூடாது. சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அது இன்னும் பில்லில் இருந்தால் சர்வரின் எந்த இனிமையான பேச்சும் காப்பாற்றாது. ஆடிட்டரைக் கூப்பிட்டு எடுத்துவிடுங்கள்.

அடுத்து, விலை சொல்லாமல் விற்றதா? மெனுவில் இல்லாத ‘இன்றைய ஸ்பெஷல்’, எடை பார்த்து விலை வைக்கும் மீன், நண்டு ஆகியவற்றில்தான் சண்டை வருகிறது. “வஞ்சிரம் பெரிய துண்டு வந்திருக்கு சார், ஒரு துண்டு 380 ரூபாய். வறுக்கட்டுமா?” என்று விலை அதே வாக்கியத்தில் வந்துவிட வேண்டும். ஆனால் ஒருவர் நண்பர்களை அழைத்து வந்து விருந்து வைக்கும் டேபிளில் விலையை உரக்கச் சொன்னால் அவர் விருந்தாளிகள் முன்னால் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் மாட்டிக்கொள்வார். அங்கே அழைத்து வந்தவர் பக்கம் குனிந்து, எழுதிய விலையை விரலால் காட்டினால் போதும். சொல்ல வேண்டியதும் அவரிடம்தான், விருந்தாளிகளிடம் அல்ல.

எத்தனை தடவை சொல்கிறார்கள் என்பது மூன்றாவது. சூப், ஸ்டார்ட்டர் சேர்ந்து ஒரு கட்டம், குடிபானம் ஒரு கட்டம், ஸ்வீட் ஒரு கட்டம். ஒரு கட்டத்தில் வேண்டாம் என்றால் அந்தக் கட்டம் முடிந்தது. இரண்டு கட்டத்தில் தொடர்ந்து வேண்டாம் என்றால் மூன்றாவதைச் சொல்லாமலே விட்டுவிடலாம். கேப்டன் ஒரு தடவை, சர்வர் ஒரு தடவை, மேனேஜர் வந்து ஒரு தடவை என்று மூன்று பேர் அதே பாயசத்தைச் சொல்வதும் உண்டு. கே.ஓ.டி. ஓரத்தில் ‘ஸ்வீட் சொல்லியாச்சு’ என்பதற்கு ஒரு கோடு போட்டுவிட்டால் அடுத்தவர் விலகிக்கொள்வார்.

சில வாக்கியங்களை அடியோடு நிறுத்த வேண்டும். “இவ்வளவுதானா சார்?” என்பது கேட்பவரைக் குறைத்துப் பேசுவது. “எல்லாரும் இதைத்தான் வாங்குவாங்க” என்பது பொய்யாகவும் இருக்கும், நெருக்கவும் செய்யும். “குழந்தை ஆசைப்படுது பாருங்க” கூடவே கூடாது.

மிச்சம் அதிகமாக விழுந்தால் சர்வர் குறைத்துச் சொல்லப் பழக வேண்டும். “நாலு பேருக்கு இது சரியா இருக்கும் சார். போதலைன்னா பத்து நிமிஷத்துல இன்னொண்ணு வந்துடும்” என்று ஒரு பண்டத்தை வேண்டாம் என்று சொன்ன சர்வர், பிறகு சொல்லும் ஸ்வீட்டை அந்த டேபிள் நம்பி வாங்கும். முதலாளி இதற்கு ஒத்துக்கொள்வது கஷ்டம். ஆனாலும் இதுதான் நின்று பலன் தரும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரே சர்வர் மீது புகார் தொடர்ந்தால், அவருக்கு விற்பனைக்குக் கமிஷன் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். பண்டத்துக்கு இவ்வளவு என்று கமிஷன் இருந்தால் அவர் நெருக்கத்தான் செய்வார். ஷிஃப்ட்டில் உள்ள எல்லோருக்கும் பொதுவாகப் பிரித்துக் கொடுப்பதாக மாற்ற வேண்டும். அது மேனேஜரும் முதலாளியும் முடிவு செய்ய வேண்டியது.

## அறிகுறி 5: “என்ன நல்லா இருக்கும்?” என்று அவர்களே கேட்கிறார்கள், ஆனாலும் போகவில்லை

“எல்லாமே நல்லா இருக்கும் சார்” என்ற பதில்தான் காரணம். கேட்டவர் உதவி கேட்டார், கிடைக்கவில்லை. சர்வர் அந்தப் பண்டத்தைச் சாப்பிட்டிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். பல ஹால்களில் ஸ்டாஃப் சாப்பாடு சாதம், சாம்பார்தான். பன்னீர் டிக்கா எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. வாரம் ஒரு நாள், மாலை ஷிஃப்ட் தொடங்குமுன் ஒரு ஸ்டார்ட்டரும் ஒரு ஸ்வீட்டும் ஒரு பிளேட் எடுத்து எல்லோருக்கும் ஒரு வாய் கொடுங்கள். பிறகு ஒவ்வொருவரும் தன் சொல்லில் ஒரு வாக்கியம் சொல்லட்டும்: “மேல மொறுமொறுன்னு, உள்ள மெத்துன்னு இருக்கும், காரம் கம்மி.” அந்த ஒரு பிளேட்டின் செலவுதான் இதற்கு.

## அறிகுறி 6: ஒருவர் டேபிளில் போகிறது, இன்னொருவர் டேபிளில் போவதில்லை

‘சொ’, ‘வா’ தாளை ஆள் வாரியாகப் பிரித்தால் தெரிந்துவிடும். கூச்சம்தான் காரணம் என்றால் நன்றாகச் சொல்பவர் பக்கத்தில் இரண்டு ஷிஃப்ட் நிற்க வைத்தால் போதும்.

மொழி காரணம் என்றால் வழி வேறு. அசாம், ஒடிசா, பீகார், நேபாளம் என்று வெளியிலிருந்து வந்து வேலை செய்யும் பையன்கள் இப்போது நம் ஹால்களில் நிறைய. நீளமான வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வைத்தால் பாதியில் தடுமாறுவார்கள், கேட்பவர் இரக்கத்தில் “ஒண்ணும் வேண்டாம்ப்பா” என்பார். மூன்று சின்ன வாக்கியம் போதும்: “சூப் ஒன் பை டூ தரலாம் சார்.” “லைம் சோடா, சால்ட்டா ஸ்வீட்டா?” “பாயசம் ஒரு கப், ரெண்டு ஸ்பூன். வேணுமா, போதுமா?” கூடவே, மறுத்தால் சொல்ல “பரவாயில்ல சார்” என்ற நான்காவதும். இதை அவர் ஊர் எழுத்தில் எழுதி சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். “பூண்டு உண்டா, முந்திரி உண்டா?” என்று எதிர்க்கேள்வி வந்தால் ஊகித்துப் பதில் சொல்லாமல் கேப்டனைக் கூப்பிட வேண்டும். முந்திரி ஒத்துக்கொள்ளாதவருக்கு இல்லை என்று சொல்லி குருமாவை வைத்துவிட்டால் அது விற்பனைக் கோளாறோடு முடியாது. அந்தக் கேள்விக்குக் கேப்டனும் தானாகப் பதில் சொல்லக் கூடாது. சமையலறைக்குப் போய் மாஸ்டரிடம் கேட்டுவிட்டுத்தான் திரும்பி வர வேண்டும்.